விடுதி வைஃபையில் ஸ்டீம் திறக்கிறது, ஆட்டம் மட்டும் தொடங்குவதில்லை

சல்லிக்கரை:
திருகோணமலையில் ஒரு கல்வி நிறுவனத்தின் விடுதியில் இருக்கிறேன். இங்குள்ள வைஃபையில் ஸ்டீம் திறக்கிறது, நண்பர்களோடு அரட்டை அடிக்க முடிகிறது, புதுப்பிப்புகள்கூட இறங்குகின்றன. ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இல் ஆட்டம் தேடினால், சேவையகம் எதையும் எட்ட முடியவில்லை என்று வருகிறது. இணையம் இருக்கும்போது ஆட்டம் மட்டும் ஏன் நிற்கிறது? நடைமுறையில் என்ன வழி இருக்கிறது?

நிலாவெளிக்காற்று:
எனக்கும் இதே தொல்லை இருந்தது, தம்பி. வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, விளையாட்டுக்குரிய போர்ட்டுகளை என் கணினியின் முகவரிக்குத் திருப்பிவிட்டேன். அன்றே சரியாகிவிட்டது. விண்டோஸ் ஃபயர்வோலிலும் அனுமதி கொடுத்துப் பாருங்கள்.

உவர்மலை:
நிலாவெளி அண்ணா செய்தது அவருடைய வீட்டுக்குச் சரியான வைத்தியம்தான், ஆனால் இங்கே நோய் வேறு. போர்ட் திருப்புதல் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே விடுவதற்கானது. நண்பர்கள் வந்து சேரும் ஆட்டத்தை உங்கள் வீட்டுக் கணினியே நடத்தினால் அது தேவைப்படும். தம்பியின் கணினி யாரையும் உள்ளே அழைக்கவில்லை. அது வெளியே போக முயல்கிறது, விடுதியின் வாசலில் உள்ள ஃபயர்வோல் அதை மறிக்கிறது. அந்தப் பெட்டியின் சாவி நிர்வாகத்திடம் இருப்பதால், மடிக்கணினிக்குள் எத்தனை அனுமதி கொடுத்தாலும் பயன் இராது.

ஸ்டீம் ஏன் திறக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. கடை, உள்நுழைவு, அரட்டை, பதிவிறக்கம் ஆகிய எல்லாம் சாதாரண இணையப் பக்கங்கள் போகும் டி.சி.பி. 443 என்ற போர்ட் வழியாகவே போகக்கூடியவை. அந்த வழியை மூடினால் மின்னஞ்சலும் வங்கித் தளமும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால் எந்த நிர்வாகமும் அதை மூடுவதில்லை. ஆட்டம் அப்படியல்ல. அது யு.டி.பி. 27000 முதல் 27100 வரையுள்ள போர்ட்டுகளைத் தேடிப் போகிறது. "தேவையென்று பட்டியலிட்டவை மட்டும் போகலாம், மற்றவை நிற்கட்டும்" என்று எழுதப்பட்ட விதியில் அந்த எண்களுக்கு இடமில்லை. யாரோ விளையாட்டைக் குறிவைத்து மூடியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பவர்ஷெல்லைத் திறந்து இந்த இரண்டு வரிகளையும் இட்டுப் பாருங்கள்.

```
Test-NetConnection portquiz.net -Port 443
Test-NetConnection portquiz.net -Port 27015
```

அந்தத் தளம் ஏறத்தாழ எல்லா டி.சி.பி. போர்ட்டுகளிலும் பதில் சொல்வதற்கென்றே வைக்கப்பட்டது. முதலாவதில் `TcpTestSucceeded : True` என்றும் இரண்டாவதில் `False` என்றும் வந்தால், வாசலில் வடிகட்டல் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் இந்தக் கட்டளை யு.டி.பி.யைச் சோதிக்காது. அதற்கு எளிய சோதனை, அதே மடிக்கணினியைத் தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பத்து நிமிடம் தேடிப் பார்ப்பதுதான். அங்கே ஆட்டம் கிடைத்தால் கணினியிலும் கணக்கிலும் குறையில்லை.

பாலையூற்று:
இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு? வி.பி.என். போட்டால் முடிந்தது. எல்லாப் போக்குவரத்தும் 443 என்ற ஒரே குழாய்க்குள் போய்விடும், ஃபயர்வோலுக்கு எதுவும் தெரியாது. எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான் பூட்டியிருக்கிறார்கள். நான் மதிய இடைவேளையில் தினமும் விளையாடுகிறேன்.

உவர்மலை:
நீங்கள் விளையாடுவது எந்த விளையாட்டு?

பாலையூற்று:
லிசெஸில் சதுரங்கம்.

உவர்மலை:
அதற்கு வி.பி.என்.னே தேவையில்லை, நண்பரே. லிசெஸ் உலாவிக்குள் 443 வழியாகவே ஓடுகிறது. அந்தத் தளத்தையே பெயர் சொல்லித் தடுத்திருந்தால் ஒழிய, வி.பி.என்.னை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் காய் நகரும். தம்பியின் துப்பாக்கி விளையாட்டு வேறு விதமானது. அது ஒரு நொடியை 64 துண்டுகளாக வெட்டி, ஏறத்தாழ 16 மில்லி நொடிக்கு ஒரு முறை ஆட்ட நிலையைக் கணிக்கிறது. ஒரு தரவுப் பொதி வழியில் தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்பதில் பொருளில்லை, ஏனெனில் அது வந்து சேரும்போது எதிராளி சுவருக்குப் பின்னால் போயிருப்பான். அதனால்தான் யு.டி.பி.; தொலைந்தது தொலையட்டும், அடுத்தது வரட்டும் என்ற கணக்கு அது.

விடுதியில் யு.டி.பி. மூடப்பட்டிருப்பதால் வி.பி.என்.னும் டி.சி.பி. 443க்குள்தான் ஒடுங்கிப் போக வேண்டியிருக்கும். அங்கே ஒரு பொதி தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை அனைத்தும் வரிசையில் நிற்கும். ஒரு மாடிக்கு நாற்பது பேர் ஒரே வைஃபையில் இருக்கும் இடத்தில் பொதி தொலைவது அன்றாடம் நடப்பது. திரையில் பிங் 80 என்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் உருவங்கள் அரை நொடி உறைந்து, பிறகு பாய்ந்து இன்னோர் இடத்தில் நிற்கும். இணைப்பு ஏற்பட்டது என்பதும் விளையாட முடிகிறது என்பதும் ஒன்றல்ல. இதற்கு மேல், பல ஃபயர்வோல்கள் எண்ணை மட்டுமன்றி உள்ளே போகும் பேச்சின் வடிவத்தையும் பார்ப்பவை, வி.பி.என். என்று அடையாளம் கண்டால் அதையும் வெட்டும். விடுதியின் பயன்பாட்டு விதிகளில் அது தடுக்கப்பட்டிருந்தால், போவது தம்பியின் வைஃபைக் கணக்குத்தான்.

பாலையூற்று:
பயமுறுத்துகிறீர்கள். கட்டணம் கட்டி எடுக்கும் வி.பி.என்.னில் விளையாடுபவர்களை நான் நேரிலேயே அறிவேன்.

உவர்மலை:
யு.டி.பி. திறந்திருக்கும் வலையில் என்றால் நானும் நம்புகிறேன்.

மடத்தடி:
நான் மறுபக்கத்தில் இருப்பவன். ஓர் அலுவலகத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். உவர்மலை சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டும். யாரும் நினைத்துப் பார்க்காமலே மூடிவிட்டார்கள் என்பது எப்போதும் உண்மையல்ல. டொரண்ட் போன்றவை எந்த யு.டி.பி. எண்ணிலும் ஓடக்கூடியவை, பெரிய எண்வரிசையைத் திறந்தால் எதைத் திறந்தோம் என்பது நமக்கே தெரியாது. வெளியுலகுக்கு எங்கள் நூற்றுக்கணக்கானோரும் ஒரே முகவரியாகத்தான் தெரிகிறோம். முறைப்பாடு வந்தால் கையெழுத்திட்டவன் நான். மாணவர்களுக்கு இணையம் கொடுப்பது படிப்பதற்காகத்தானே தவிர இரவெல்லாம் சுட்டுக்கொண்டிருப்பதற்கல்ல.

சல்லிக்கரை:
ஐயா, பகலில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விடுதிதான் எங்களுக்கு வீடு, இரவு பத்து மணிக்கு நூலகமும் இல்லை.

உவர்மலை:
மடத்தடி ஐயா, போர்ட் எண் என்பது கதவிலக்கமே தவிர அடையாள அட்டையல்ல என்பதை ஏற்கிறேன். 27015இல் போவது விளையாட்டுத்தான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அலைவரிசை தீர்ந்துவிடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டால் அது தலைகீழான கணக்கு. ஆட்டம் உண்பது மணிக்குச் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கும். கிகாபைட் கணக்கில் விழுங்குவது புதுப்பிப்புகள். அவையோ 443 வழியாக ஏற்கெனவே தாராளமாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. சோற்றுப் பானையைத் திறந்து வைத்துவிட்டு ஊறுகாய்ப் போத்தலுக்குப் பூட்டுப் போட்டது போலிருக்கிறது.

தம்பி, நிர்வாகத்திடம் "விளையாட்டைத் திறந்துவிடுங்கள்" என்று கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார்கள், ஏனெனில் அதைக் கொண்டு விதி எழுத முடியாது. எழுதக்கூடியதாகக் கேளுங்கள்: விடுதியின் முகவரித் தொகுதியிலிருந்து மட்டும், வெளிநோக்கி மட்டும், யு.டி.பி. 27000–27100 மட்டும், இரவு 8 முதல் 11 வரை மட்டும், ஒரு மாதப் பரிசோதனையாக. உள்நோக்கி எதையும் திறக்க வேண்டியதில்லை, தாம் அனுமதித்து வெளியே போனவற்றுக்குரிய பதிலைப் பெரும்பாலான ஃபயர்வோல்கள் தாமே உள்ளே விடும். இந்த வேறுபாட்டைக் கடிதத்தில் தெளிவாக எழுதுவது முக்கியம். திறப்பது என்றாலே வெளியார் உள்ளே வருவது என்று அஞ்சுபவர்கள் உண்டு.

மடத்தடி:
இப்படி எழுதி வந்தால் வாசித்தாவது பார்ப்பேன். ஒப்புவேனா என்பது வேறு கேள்வி. அடுத்த மாதம் இன்னொருவர் தன் விளையாட்டுக்கு 7000 முதல் 7500 வரை கேட்டு வருவார், எங்கே நிறுத்துவது?

நிலாவெளிக்காற்று:
விடுதிக்குள்ளேயே ஐந்தாறு பேர் சேர்ந்து விளையாடினால் ஃபயர்வோல் குறுக்கே வராதல்லவா?

உவர்மலை:
வராது, அது நல்ல வழிதான். ஆனால் விடுதி வைஃபையில் செய்தால் ஒருவர் கணினி மற்றவருடையதைக் காணாமல் போகலாம். பொது வைஃபைகளில் அப்படிப் பிரித்து வைப்பது வழக்கம். பழைய வீட்டு ரவுட்டர் ஒன்றை வைத்து மைன்கிராஃப்ட் போன்ற ஒன்றைக் கம்பி வழியே விளையாடுங்கள். அந்த ரவுட்டரை மட்டும் விடுதியின் சுவர்ச் சொக்கெட்டில் செருகிவிடாதீர்கள். தவறான துளையில் செருகினால் அது பக்கத்து அறைக் கணினிகளுக்கும் தானே முகவரி கொடுக்கத் தொடங்கி, மாடி முழுவதும் இணையமின்றி நிற்கும்.

சல்லிக்கரை:
நேற்றிரவு சோதித்தேன். 443க்கு True, 27015க்கு False. ஹாட்ஸ்பாட்டில் அரை நிமிடத்தில் ஆட்டம் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் பிங் குதித்துக்கொண்டே இருந்தது. பார்த்தால், விண்டோஸ் தன் புதுப்பிப்பைத் தொலைபேசி டேட்டாவில் இறக்கிக்கொண்டிருந்தது! அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பாகக் குறித்து, யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, தொலைபேசியைக் கடற்பக்க ஜன்னலில் வைத்த பிறகு இரண்டு ஆட்டங்கள் தடங்கலின்றி ஓடின. இரண்டுக்கும் சேர்த்து 300 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே போனது. இனிப் புதுப்பிப்பை விடுதி வைஃபையில் இறக்கிவிட்டு, ஆட்டத்தை மட்டும் தொலைபேசியில் வைத்துக்கொள்கிறேன். கடிதத்தையும் உவர்மலை அண்ணா சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். எத்தனை பேருக்குத் தேவை என்று பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள்.

பாலையூற்று:
பெயரைக் கொடுத்தால், நாளைக்கு வலை மந்தமாகும்போது முதலில் யாரைப் பிடிப்பது என்பதற்கும் அதே பட்டியல்தான் உதவும்.

சல்லிக்கரை:
அதையேதான் அறைத் தோழர்களும் சொன்னார்கள். பெயர் இல்லாமல் அறைக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுக்கப் போகிறோம். ஏற்பார்களா என்று திங்கட்கிழமை தெரியும்.