தேயிலைக்குள் கறுப்பாகத் தெரிவது கரடியா, வேறு ஏதாவதா? படம் பார்த்துக் கண்டுபிடித்த அனுபவங்களைச் சொல்லுங்கள்

சுமதி, கோத்தகிரி:
ஜூன் மாதம் சாயங்காலம் என் கொழுந்தனார் ரோட்டிலிருந்து போனில் எடுத்த படம் இரண்டு இருக்கிறது. கீழே சரிவில் தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு கறுப்பு முதுகு மட்டும் தெரிகிறது. இடது பக்கம், தலை இருக்க வேண்டிய இடத்தில், அழுக்கு வெள்ளையாக ஏதோ ஒன்று. இரண்டாவது படத்தில் தலையைத் தூக்கியிருக்கிறது, ஆனால் கலங்கலாக இருக்கிறது. கொழுந்து பறிக்கிறவர்கள் கரடி என்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் காட்டெருமைக் கன்று என்கிறார், என் வீட்டுக்காரர் பன்றி என்று அடித்துச் சொல்கிறார். இப்படி அரைகுறைப் படத்தை வைத்துக் கரடியை எப்படி உறுதி செய்தீர்கள்?

முருகேசன்:
ரொம்ப சுலபம். நெஞ்சில் ஆங்கில 'வி' மாதிரி வெள்ளைக் குறி இருக்கும். அது இருந்தால் கரடி, இல்லாவிட்டால் கரடி இல்லை. நான் முண்டந்துறைப் பக்கம் ஒரு புற்றடியில் நிமிர்ந்து நின்ற கரடியைப் பார்த்திருக்கிறேன், குறி பளிச்சென்று தெரிந்தது.

ரவி:
முருகேசன் அண்ணா சொன்னதில் முதல் பாதி சரி. குறி தெரிந்தால் நல்லதுதான். ஆனால் 'இல்லாவிட்டால் கரடி இல்லை' என்றால் பாதிப் படங்களைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நான் தானியங்கிக் கேமரா படங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். கரடி பெரும்பாலும் தலையைத் தொங்கப்போட்டு நான்கு காலில் நடக்கும். அப்போது நெஞ்சு தரையைப் பார்த்திருக்கும், கழுத்து முடியும் முன்னால் வந்து விழுந்து மறைக்கும். குறி தெரிய வேண்டுமானால் அது எழுந்து நிற்க வேண்டும், இல்லை கேமராவுக்கு நேராக வர வேண்டும். வடிவமும் ஒரே மாதிரி இருக்காது. சிலதுக்கு 'வி', சிலதுக்கு 'ஒய்', சிலதுக்கு 'யு'.

சுமதி அக்கா, உங்கள் படத்தில் முதலில் காட்டெருமையைக் கழித்துவிடலாம். கறுத்த காளை என்றால் ஆள் உயரம் வரும். இடுப்பளவு தேயிலைக்குள் அது முதுகை மட்டும் காட்டாது, பாதி உடம்பு வெளியே நிற்கும். கன்று என்றால் நிறம் ஒத்துவராது. பிறந்த கன்று வெளிர் மஞ்சள் பழுப்பாக இருக்கும், வளர வளரத்தான் கறுக்கும். சின்னதாகவும் கறுப்பாகவும் இருக்கிற காட்டெருமை அபூர்வம்.

மிச்சம் பன்றியும் கரடியும். உயரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் உங்கள் வீட்டுக்காரர் சந்தேகப்பட்டது நியாயம். இங்கே முடியைப் பார்க்க வேண்டும். பன்றிக்கு முதுகுத்தண்டின் மேலே மட்டும் ஒரு வரிசை முடி சிலிர்த்து நிற்கும், விலாவில் குட்டையாகப் படிந்திருக்கும். கரடிக்குக் கழுத்திலும் தோளிலும்தான் முடி மிக நீளம், பக்கவாட்டில் தொங்கும். உடம்பின் விளிம்பே கோடாக இருக்காது, பழைய துடைப்பம் மாதிரி பிய்ந்து பிய்ந்து தெரியும். படத்தில் நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பாருங்கள். காட்டெருமை என்றால் தோல் மினுக்கும். கரடி முடி வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது, கறுப்பாகவே கிடக்கும்.

அப்புறம் முகம். கரடியின் கறுப்பு முடி கண்ணுக்குக் கீழே சட்டென்று நின்றுவிடும். அதிலிருந்து மூக்குவரை, சவரம் செய்தது போல, குட்டை முடியோடு சாம்பல் கலந்த வெள்ளை. உதடு நீண்டு தளர்ந்திருக்கும். அந்த எல்லை தெரிந்தால் நெஞ்சுக் குறியைத் தேடவே வேண்டாம்.

பிரபு:
கரடி துரத்தினால் மேட்டில் ஏறக் கூடாது, சரிவில் இறங்கி ஓட வேண்டும் என்று எங்கள் தாத்தா சொல்வார். கரடிக்கு முடி கண்ணை மறைக்குமாம்.

ரவி:
தம்பி, கேள்வி படத்தைப் பற்றி. ஆனாலும் அதை நம்பி யாரும் ஓட வேண்டாம். கரடி சரிவிலும் மனுஷனைவிட வேகமாக ஓடும்.

செல்வி, சத்தியமங்கலம்:
ரவி சார், வெளிர் மூக்கை வைத்து மட்டும் முடிவு செய்யலாமா? இங்கே பன்றி சேற்றில் புரண்டு வரும்போது மூஞ்சி முழுக்கக் காய்ந்த சேறு ஒட்டி வெள்ளையாகத்தான் தெரியும். இரவுக் கேமராவில் இன்னும் மோசம்.

ரவி:
சரியான கேள்வி. மறுபக்கமும் நடக்கும். செம்மண் புற்றைத் தோண்டிய கரடிக்கு மூக்கு சிவந்து, உடம்போடு கலந்து போகும். அப்போது காதைப் பாருங்கள். பன்றிக் காது கூர்ந்து நிற்கும். கரடிக்கு வட்டக் காது, தலையின் இரண்டு ஓரத்திலும் தள்ளி இருக்கும், அதிலும் முடி தொங்கும். முன்கால் தெரிந்தால் இன்னும் நல்லது. விரல் நீளத்துக்கு வளைந்த வெளிர் நகங்கள் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும்.

ஓய்வு பெற்ற சுபேதார்:
நான் அருணாச்சலத்தில் பணியில் இருந்தபோது பார்த்த கரடிக்கும் நெஞ்சில் வெள்ளைப் பிறை இருந்தது, நம் ஊர்க் கரடியைவிட எடுப்பாக. ஆனால் முடி அடர்ந்து சீராக இருந்தது, மூஞ்சி அவ்வளவு வெளுப்பில்லை, நகம் குட்டை, கறுப்பு. அது இமயமலைக் கறுப்புக் கரடி. ஆகவே நெஞ்சுக் குறியை மட்டும் நம்பினால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். நீலகிரியில் அந்தக் குழப்பம் வராது, தமிழ்நாட்டில் இருப்பது ஒரே கரடிதான்.

தயாளன், வவுனியா:
எங்கட பக்கமும் ஒரே இனம்தான், ஆனால் முடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வில்பத்துவில் பாலைப்பழக் காலத்தில் கரடி மரமேறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இலங்கைக் கரடிக்கு முடி இந்தியக் கரடியளவு நீளமில்லை, நெஞ்சுக் குறியும் சிலவற்றில் மங்கல். சடை முடியை எதிர்பார்த்துப் படத்தைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். எங்களுக்கு முகம்தான் பெரிய உதவி.

ஜான், குன்னூர்:
என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. எஸ்டேட் சுவர்மேல் கறுப்பாகப் படுத்திருக்கிறது, தலை தெரியவில்லை. நான் கருஞ்சிறுத்தை என்கிறேன், வாட்ச்மேன் கரடி என்கிறார்.

ரவி:
வால் தெரிகிறதா? சிறுத்தை வால் சுவரைத் தாண்டித் தொங்கும். கரடிக்கு வால் ஒரு சாண்தான், முடிக்குள் மறைந்துவிடும்.

ஜான், குன்னூர்:
வால் இருக்கிற பக்கம் ஒரு பூந்தொட்டி.

சுமதி, கோத்தகிரி:
நிழலை வெளிச்சமாக்கிப் பார்த்தோம். இரண்டாவது படத்தில் ஒரு காது வட்டமாக, ஓரம் பிசிறாகத் தெரிகிறது. வெள்ளை மூக்கும் கண்ணருகே நேராக முடிகிறது. எனக்குக் கரடி என்றே படுகிறது. என் வீட்டுக்காரர் மட்டும், "விலாப் பக்கம் வழவழவென்று இருக்கிறதே, சடை எங்கே?" என்கிறார். இன்னொன்று, தோளுக்குப் பின்னால் ஒரு மேடு தெரிகிறது. முதல் படத்தில் அது இல்லை.

ரவி:
மேடு குட்டியாக இருக்கலாம். குட்டிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் பிறக்கும், சில மாதம் தாயின் முதுகில் ஏறிப் போகும். ஜூனுக்கு அது பொருந்துகிறது. ஆனால் தோள் முடி மொத்தமாகக் கிளம்பி நின்றாலும் அப்படித்தான் தெரியும், இந்தப் படத்தில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வழவழப்புக்குக் காரணம் விலங்கு இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் போட்டது வாட்ஸ்அப்பில் வந்த படம்தானே? அது படத்தைச் சுருக்கும்போது முதலில் அழிவது மெல்லிய முடிதான். போனில் ஜூம் செய்து எடுத்தாலும் அதே கதை. கொழுந்தனார் போனிலிருந்து மூலப் படத்தை அப்படியே 'டாக்குமெண்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சுமதி, கோத்தகிரி:
அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். ராத்திரி அனுப்புகிறேன் என்றிருக்கிறார். அதுவரை வீட்டில் பன்றிதான்.