இரண்டு திட்டம்: எதில் ரிஸ்க் அதிகம்?

வித்யா: A திட்டத்தில் வரவு 20, 30, 40 லட்சம், நிகழ்தகவு 0.3, 0.4, 0.3. B-இல் 40, 60, 80 லட்சம், 0.25, 0.5, 0.25. எல்லாம் இன்றைய மதிப்பில். முதலீடு A-க்கு 25, B-க்கு 55. எதில் ரிஸ்க் அதிகம்?

முருகேசன்: எக்செலில் STDEV.S போடுங்க. A-க்கு 10, B-க்கு 20. சராசரியால வகுத்தா ரெண்டுக்கும் 0.33. ரிஸ்க் சமம்.

கலைச்செல்வி: சராசரியால வகுக்கணும்ங்கிறது சரி, முருகேசன் சார். ஆனா STDEV.S நிகழ்தகவைப் பார்க்கவே பார்க்காது. மூணு வரவுக்கும் ஒரே எடை கொடுத்து, n−1-ஆல வேற வகுக்கும். நிகழ்தகவு B2:B4-லயும் வரவு C2:C4-லயும் இருந்தா இப்படிப் போடணும்:

```
E2: =SUMPRODUCT(B2:B4,C2:C4)
E3: =SUMPRODUCT(B2:B4,(C2:C4-E2)^2)
E4: =SQRT(E3)/E2
```

A-க்கு எதிர்பார்ப்பு 30. ரெண்டு ஓரமும் 10 தள்ளி இருக்கு, அதனால வேரியன்ஸ் 0.3×100 + 0.3×100 = 60, திட்டவிலக்கம் 7.75, அதை எதிர்பார்ப்பால வகுத்தா வர்ற சி.வி 0.26. B-க்கு எதிர்பார்ப்பு 60, வேரியன்ஸ் 200, திட்டவிலக்கம் 14.14, சி.வி 0.24. ஒரு ரூபாய் வரவுக்கு B-இல்தான் ஆட்டம் கம்மி.

ராகவன்: முதலீட்டை ஏன் விட்டீங்க? அதைக் கழிச்சா ரெண்டுக்கும் எதிர்பார்க்கும் என்.பி.வி 5 லட்சம்தான். முதலீடு மாறாத தொகை, திட்டவிலக்கம் அப்படியே நிக்கும். இப்ப சி.வி A-க்கு 1.55, B-க்கு 2.83. வரிசையே தலைகீழ். மோசமான நிலை வந்தா A-இல் 5 லட்சம் போகும், B-இல் 15 லட்சம். B-தான் ஆபத்து.

கலைச்செல்வி: நஷ்டக் கணக்கை ஒத்துக்கறேன். ஆனா அதைச் சொல்ல என்.பி.வி-யோட சி.வி எதுக்கு? B-இன் முதலீடு 59.5 ஆனா சி.வி 28-க்குத் தாவும். 61 ஆனா மைனஸ். வரவோட ஆட்டம் துளிகூட மாறலை. சராசரி பூஜ்யத்தை நெருங்கினா அந்த எண்ணை நம்பக் கூடாது. இங்கே ரெண்டு என்.பி.வி-யும் சமம், திட்டவிலக்கத்தை நேரா ஒப்பிட்டாலே போதும்.

ராகவன்: சராசரி 5-ங்கிறது பூஜ்யம் இல்லையே. முதலாளி கையில வாங்கறது என்.பி.வி, வரவு இல்லை. நான் அதைத்தான் பார்ப்பேன்.

தாஜுதீன்: என் திட்டத்துக்கு மூணு வருஷ வரவு. ஒவ்வொரு வருஷத்துக்கும் வேரியன்ஸ் எடுத்துக் கூட்டிட்டேன். சரிதானே?

கலைச்செல்வி: வரவை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி பண்ணினீங்களா பாய்? வேரியன்ஸை (1+r)^t-ஆல வகுக்கக் கூடாது, (1+r)^(2t)-ஆல வகுக்கணும். அப்புறம், கூட்டுறது வருஷங்கள் ஒண்ணையொண்ணு பாதிக்காதப்ப மட்டும்தான். தள்ளுபடிக்கு அப்புறம் ஒவ்வொரு வருஷமும் திட்டவிலக்கம் 8-னு வைங்க: சார்பில்லைன்னா மொத்தம் 13.9, முழுசா ஒரே திசையில ஓடினா 24.

தாஜுதீன்: முதல் வருஷம் ஆர்டர் குறைஞ்சா அடுத்த வருஷமும் குறையும். ஆனா முழுசா அப்படின்னு சொல்ல முடியாது.

ராகவன்: அப்ப விடை 13.9-க்கும் 24-க்கும் நடுவுல. எங்கேன்னு சொல்ல வருஷத்துக்கு வருஷம் இருக்கிற ஒட்டுறவு தெரியணும். பழைய ஆர்டர் கணக்கு கையில இருக்கா?