பொருள்: மேலறை நடுக்கமா, துடிதுடிப்பா, வேறு சொல் உண்டா?

தமிழாசிரியை, பாளையங்கோட்டை:

அனைவருக்கும் வணக்கம். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிற மிட்ரல் வால்வு குறுகிய நோயாளிகளுக்கு வீட்டில் வைத்துப் படிக்கிற மாதிரி ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் என்னை நகரவிடவில்லை. "மிட்ரல் சுருக்கத்தால் இடது மேலறை பெரிதாகி, படபடப்பு வந்து, நுரையீரலில் நீர் கோக்கும்" என்று எழுதியிருக்கிறேன். மேலறை தாளமில்லாமல் நடுங்குகிற ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனுக்குப் 'படபடப்பு' என்று போட்டது சரியாகப் படவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர், அம்பாசமுத்திரம்:

டீச்சர், இதுக்கு இத்தனை சொல் எதுக்கு? மடை அடைச்சா குளம் ஏறும், கரையோர வீட்டுக்குள்ள தண்ணி நிக்கும். வால்வுதான் மடை, மேலறைதான் குளம், நுரையீரல்தான் கரை வீடு. 'மேலறைத் தேக்கம்' என்று ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். இன்னொன்று, குளம் அகலமானால் நீர்மட்டம் குறையும். மேலறை பெரிதாவது உடம்பு தானே செய்துகொள்ளும் நல்லதுதானே? அதை நோய்போல எழுத வேண்டாம். இதயம் பலவீனமானதுதான் மூலம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

இதயநோய் மருத்துவர், திருநெல்வேலி:

அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. பல வருஷமாக மெல்ல விரிந்து நெகிழ்ந்த மேலறை அழுத்தத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். நெகிழாத சின்ன மேலறை உள்ளவருக்குச் சீக்கிரமே மூச்சு முட்டும். ஆனால் இதயம் பலவீனம் என்பது இங்கே பொருந்தாது. மிட்ரல் வால்வு மட்டும் குறுகிய மிட்ரல் ஸ்டெனோசிஸில் இடது கீழறை பெரும்பாலும் நன்றாகத்தான் அடிக்கும், அதற்குப் போகிற வழிதான் குறுகல். பலவீனம் என்று எழுதினால் நோயாளி சத்து டானிக் வாங்கிக் குடிப்பார்.

ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற 32 வயதுப் பெண். சின்ன வயதில் தொண்டைப்புண், பிறகு மூட்டு வீக்கம். அது ருமாட்டிக் காய்ச்சல், வால்வைக் கெடுத்தது அதுதான். யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வால்வின் துளை 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்க வேண்டியது, அவருக்கு 1.2. மேலறை 5.4 செ.மீ.; 4 வரைதான் இருக்கலாம். உட்கார்ந்து செய்கிற வேலை, அதனால் தாங்கிக்கொண்டிருந்தார். ஒரு ராத்திரி திடீரென்று மல்லாந்து படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். நாடி 140, ஒன்றுக்கொன்று இடைவெளி ஒத்துவரவே இல்லை. நெஞ்சில் இரண்டு பக்கமும் நுரையீரலின் அடியில் நீர்ச்சத்தம்.

வால்வு அன்றைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறுகவில்லை. மேலறை நடுங்கத் தொடங்கியதால் மாறியது நாடிதான். 70 அடிக்கும்போது ஒரு துடிப்புக்கு 0.86 வினாடி, அதில் கீழறை நிரம்பக் கிடைப்பது சுமார் 0.5 வினாடி. நிமிடத்துக்கு 35 வினாடி. 140 ஆனால் ஒரு துடிப்பு 0.43 வினாடி, நிரம்புவதற்கு 0.18தான், நிமிடத்துக்கு 25 வினாடி. அதே ரத்தம் அதே துளை வழியாக 35 வினாடிக்குப் பதில் 25 வினாடியில் போயாக வேண்டும். ஓட்டம் 1.4 மடங்கு. துளையின் இரு பக்க அழுத்த வேறுபாடோ ஓட்டத்தின் வர்க்கத்தில் ஏறும், சுமார் 2 மடங்கு. முன்பு வேறுபாடு 8 மி.மீ. பாதரசம் என்று வையுங்கள், 16 ஆகிவிட்டது. கீழறையில் இருக்கிற 8ஐயும் சேர்த்தால் மேலறையில் 24. அது அப்படியே பின்னால் நுரையீரலுக்குப் போகும். அங்கே 25ஐ எட்டினால் நுண்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இது தோராயக் கணக்கு, நாடி இரட்டிப்பானால் உண்மையில் இதயம் தள்ளுகிற ரத்தமே கொஞ்சம் குறையும். ஆனால் காய்ச்சலிலும் கர்ப்பத்திலும் இந்த வால்வு ஏன் திடீரென்று ஆளைக் கவிழ்க்கிறது என்பதற்கு இதே கணக்குதான்.

அதனால் அவருக்கு முதலில் தேவைப்பட்டது நாடியைக் குறைக்கும் மருந்தும் நீர் இறக்கும் ஊசியும். ஒரே 'தேக்கம்' என்று முடித்துவிட்டால் இந்த நடுவாந்திரக் கண்ணி காணாமல் போகும் அண்ணாச்சி.

மேலறை ஏன் நடுங்குகிறது? அழுத்தத்தில் இழுபட்ட சுவரும், ருமாட்டிக் அழற்சியே விட்டுப்போன தழும்பும் சேர்ந்து, மின் அலை நேராகப் போகாமல் அங்கங்கே சுற்றிச் சுழல்கிறது. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை சிதறிய தூண்டல்கள். மேலறை மொத்தமாகச் சுருங்குவதில்லை, புழு நெளிவதுபோல நெளியும். நடுங்க நடுங்க அது மேலும் விரியும், விரிந்தால் நடுக்கம் நிலைக்கும்.

மென்பொருள் பணியாளர், தென்காசி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்க அம்மாவுக்கும் இதேதான், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அவருக்குப் படபடப்பு என்று ஒன்று வந்ததே இல்லை! பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்த பிறகுதான் ஈசிஜியில் தெரிந்தது. கீரையை அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள், சரியா? புதிய மாத்திரை இருக்கிறதாம், ரத்தப் பரிசோதனை வேண்டாமாம், மாற்றலாமா?

அரசு மருத்துவமனைச் செவிலியர், சங்கரன்கோவில்:

தம்பி, கீரையை நிறுத்த வேண்டாம். ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒண்ணுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆரை ஆட்டிவிடும். வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடட்டும். மாத்திரையை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் மாற்றிராதீங்க.

டீச்சர், எங்க வார்டில் 'நடுக்கம்' என்றால் குளிர்காய்ச்சல் என்று நினைத்துப் போர்வையைக் கேட்பார்கள். ஸ்டெத் வைத்து நெஞ்சில் எண்ணினால் 140, மணிக்கட்டில் 110. சில துடிப்பு கைவரை வராது. அந்த அடிபிசகு தெரிகிற மாதிரிச் சொல் வேண்டும். 'துடிதுடிப்பு' போடலாமே?

இதயநோய் மருத்துவர், திருநெல்வேலி:

தம்பியின் அம்மா நம் வாதத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். படபடப்பு என்பது நோயாளி உணர்வது, உணராமலும் இந்த நோய் இருக்கும். நெளிகிற மேலறையின் ஓரப்பையில் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனதுதான் அவர் கதை. மாத்திரை பற்றி: ருமாட்டிக் மிட்ரல் ஸ்டெனோசிஸோடு வரும் நடுக்கத்துக்கு வார்ஃபரின்தான், ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவே. ருமாட்டிக் இதயநோயில் இந்த நடுக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் புதிய வகை மாத்திரையான ரிவரோக்சபானைக் கொடுத்துப் பார்த்த 'இன்விக்டஸ்' ஆய்வு 2022இல் வெளியானது. அதில் வார்ஃபரின் வகை மருந்து வாங்கியவர்களிடம்தான் இறப்பு குறைவு.

'துடிதுடிப்பு' எனக்கும் பிடிக்கிறது, ஒரு தொந்தரவு உண்டு. ஏட்ரியல் ஃப்ளட்டர் என்று ஒன்று இருக்கிறதே, மேலறை 300 என்று தாளம் தவறாமல் அடிக்கும். அது கிட்டத்தட்ட துடிதுடிப்புதான். இதற்கு அதைக் கொடுத்துவிட்டால் அதற்கு எதைக் கொடுப்பது? நான் 'மேலறைக் குறுநடுக்கம்' என்பேன். போர்வை கேட்டாலும் கேட்கட்டும், 'மேலறை' முன்னால் நிற்கிறதே.

'சுருக்கம்' மட்டும் வேண்டாம் டீச்சர். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். 'வால்வுக் குறுக்கம்' போடுங்கள்.

ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர், அம்பாசமுத்திரம்:

'குறுக்கம்' என்றால் குட்டையானது என்று படிக்கும். 'ஒடுக்கம்' என்ன கெட்டது? அப்புறம் ஒரு கேள்வி டாக்டர், பலூன் வைத்து வால்வை விரித்துவிட்டால் குறுநடுக்கமும் நின்றுவிடும்தானே?

இதயநோய் மருத்துவர், திருநெல்வேலி:

துளை விரியும், நுரையீரல் அழுத்தம் அன்றைக்கே இறங்கும். மேலறைச் சுவரின் தழும்பு போகாது அண்ணாச்சி, அதனால் பலருக்கு நடுக்கம் அப்படியே இருக்கும், வார்ஃபரினும் தொடரும். இது கையேட்டில் கட்டாயம் வேண்டும். பலூன் வைத்தாச்சு என்று மாத்திரையை விடுகிறவர்கள் உண்டு.

தமிழாசிரியை, பாளையங்கோட்டை:

இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: "வால்வு ஒடுங்கியதால் இடது மேலறையில் அழுத்தம் ஏறி, அது விரியும். விரிந்த மேலறையில் குறுநடுக்கம் தொடங்கலாம். உங்களுக்கு அது தெரியாமலும் இருக்கலாம். நாடி வேகமானால் நுரையீரலில் நீர் கோக்கும்." ஒடுக்கமா குறுக்கமா என்பதைச் செவிலியரம்மா வார்டில் நாலு பேரிடம் வாசித்துக் காட்டிச் சொல்லட்டும். ஃப்ளட்டருக்கு இன்னும் சொல் இல்லை.