கேக்கில் வரைய வேண்டிய பொம்மை யார்?

கல்லடியில் இருக்கிறேன். தங்கச்சியின் மகளுக்குப் பிறந்தநாள். அவளுடைய பழைய ஸ்கூல் பேக்கில் இருக்கும் அனிமே பெண்ணைத்தான் கேக்கில் கேட்கிறாள். பெயர் அவளுக்கும் தெரியாது, படமோ வெயிலில் வெளிறிப்போச்சு.

தெரிவது இவ்வளவுதான்: இரட்டைச் சடை, உச்சியில் இரண்டு கொண்டை, மாலுமிக் காலர், நெஞ்சில் பெரிய ரிப்பன் போ. முதலில் ஹட்சுனே மிக்கு என்று நினைத்தேன். ஆனால் மிக்குவுக்குக் கொண்டை கிடையாது, காலருக்குப் பதில் டை கட்டியிருப்பாள். ஆக இது செய்லர் மூன் தொடர்தான்.

சிக்கல் அதற்குள்ளே: அதில் உசாகி, சிபியுசா என்ற இரண்டு பெண்களும் இப்படித்தான் இருப்பார்கள். உசாகிக்கு மஞ்சள் முடி, உருண்டைக் கொண்டை, நீலக் காலர். சிபியுசாவுக்கு இளஞ்சிவப்பு முடி, கூம்புபோல நுனி எழும்பிய கொண்டை, காலரும் இளஞ்சிவப்பு. வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும், நீலம்தான் பெரும்பாலும் தங்கும். அதனால் முடி நிறத்தை நம்பவில்லை. இந்தப் பேக்கில் காலரில் நீலமே இல்லை, ஒரு கொண்டை கூராகத் தெரிகிறது. மற்றதன்மேல் சிப் தைத்திருக்கு. எனக்கு சிபியுசா என்றுதான் படுகிறது.

இதே பேக் வெளிறாமல் யாரிடமாவது இருந்தால், கொண்டையும் காலரும் தெரியும்படி ஒரு படம் போடுங்கோ. பிள்ளைக்கு வேறு ஆளை வரைந்து கொடுக்க மனமில்லை.