[கலைச்சொல்] கிரைண்டரின் 'சீரோ பாயின்ட்': சுழிப்புள்ளியா, உரசுபுள்ளியா?

பவித்ரா:
காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டருக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'பர்' என்பதற்கு அரைவளையம் என்று போட்டுவிட்டேன். 'சீரோ பாயின்ட்'தான் இடிக்கிறது. திருகு அளவியில் 'சுழிப்பிழை' என்று பள்ளியில் படித்த வழியில் 'சுழிப்புள்ளி' சரிவருமா? 'அலைன்மென்ட்'டுக்கு 'சீரமைப்பு' என்று வைத்திருக்கிறேன்.

ரஞ்சினி:
இலங்கைப் பாடநூலில் அது 'பூச்சிய வழு'. அந்த வழியில் போனால் 'பூச்சியப் புள்ளி' ஆகும். எனக்கு இரண்டும் சரிதான். ஆனால் 'சீரமைப்பு' வேண்டாம், பழுதுபார்ப்பது போல ஒலிக்குது.

முருகேசன்:
இதில் குழப்பமே இல்லை. கைக்கிரைண்டரில் இறுக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கைப்பிடி சுற்றாமல் நின்றுவிடும். அதுதான் சீரோ. 'பூட்டுநிலை' என்று வையுங்கள், முடிந்தது.

சுந்தரம்:
எங்க வீட்டு கிரைண்டர்ல கல்லு ஒரு பக்கமா ஆடுது, இட்லி மாவு கொரகொரன்னு வருது. இதையும் சுழிப்புள்ளி பார்த்து சரிபண்ணலாமா?

கதிரவன்:
சுந்தரம் ஐயா, மாவு கிரைண்டரில் கல் தன் எடையிலேயே உட்கார்ந்து அரைக்கிறது. இடைவெளி வைக்கும் திருகு கிடையாது, அதனால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அச்சையும் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முருகேசன் சொல்வதில் பாதி சரி. பூட்டுவது ஒரு புள்ளி, முதல் உரசல் வேறு புள்ளி. பூட்டுமிடம் கைவலுவைப் பொறுத்தது. அழுத்தி இறுக்கினால் இன்னும் சில கிளிக் போகும். மோட்டார் கிரைண்டரில் அந்த அளவுக்குப் போகவே கூடாது. கொட்டையெல்லாம் எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து, காலியாக ஓடவிட்டு, ஒவ்வொரு கோடாக நெருக்கிக்கொண்டு வர வேண்டும். 'கிர்' என்று லேசாக உலோகம் உரசியதும் நிறுத்திவிட வேண்டும். அந்தக் கோடுதான் நமக்குப் பயன்படும் சீரோ. வளையத்தின் அடியில் ஒரு காபித் துகள் மாட்டியிருந்தாலும் இது தள்ளிப்போகும். பீங்கான் வளையமென்றால் ஓடவிட்டு உரசவிடாதீர்கள், விளிம்பு சில்லுவிடும்.

இப்போது அலைன்மென்ட். ஒரு தட்டை வளையம் 60 மைக்ரான் சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கம் உரசும்போது எதிர்ப்பக்கம் 60 மைக்ரான் திறந்திருக்கும், சராசரி 30. ஒரு கோடு 10 மைக்ரான் என்றால், சராசரி 200 வேண்டியவர் உரசலிலிருந்து 17 கோடு திறப்பார். அங்கே இடைவெளி ஒரு பக்கம் 170, மறுபக்கம் 230. ஒரே பிடியில் நைசும் கொரகொரப்பும் கலந்து விழும். சாய்வை எடுத்த பிறகு அதே 17-ல் வைத்தால் சுற்றிலும் 170தான். நைசாகிவிடும், எஸ்பிரெசோ அடைத்துக்கொள்ளும். 20-க்குப் போக வேண்டும். அடுத்தவர் சொன்ன எண் நம் கிரைண்டரில் வேலைக்காகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பவித்ரா:
எந்த வளையம் சாய்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கதிரவன்:
பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு வளையத்தின் வெளிவிளிம்பிலும் ஒயிட்போர்டு மார்க்கர் பூசுங்கள். மூடி, கையால் சுற்றிக்கொண்டே உரசும்வரை நெருக்கித் திறந்து பாருங்கள். சுழலும் வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் மை அழிந்து, நிலைவளையத்தில் சுற்றிலும் அழிந்திருந்தால் சாய்ந்தது சுழல்வதுதான்: அதன் மேடு போகுமிடமெல்லாம் துடைக்கிறது. நிலைவளையம் சாய்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு.

சாய்ந்த வளையத்தில் மை அழியாத பக்கம்தான் பள்ளம். அதன் அடியில், திருகுத் துளைக்கு அருகே அலுமினியத் தாள் துண்டு வையுங்கள். சமையலறைத் தாள் மடிக்காமல் ஒரு அடுக்கு சுமார் 10 முதல் 20 மைக்ரான் வரும். திருகுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி மறுபடி மை பூசிப் பாருங்கள். ஆனால் வைக்குமுன் இருக்கையைத் துடையுங்கள். பழைய காபி எண்ணெய்ப் பிசுக்கே சாய்வாக இருப்பதுண்டு. எவ்வளவு சரிசெய்தாலும் மாவுத்துகள் அறவே போகாது. கொட்டை நொறுங்கும் தன்மை அப்படி.

ரஞ்சினி:
அப்ப 'இணைமை' என்று வைக்கலாமே? இரண்டு தளமும் இணையாக இருப்பதைத்தானே சொல்றீங்க.

முருகேசன்:
கூம்பு வளையத்துக்கு அது பொருந்தாது. அங்கே தண்டு நடுவிலிருந்து விலகினாலே ஒரு பக்கம் நெருங்கும். அதற்கு 'மையப் பொருத்தம்' என்றுதான் சொல்ல வேண்டும், தாள் வைத்தும் தீராது. பூட்டுநிலையை நான் விடவில்லை. கைக்கிரைண்டர்காரர் உரசல் சத்தத்தை எங்கே கேட்பார்?

கதிரவன்:
கைக்கிரைண்டரைப் படுக்கவைத்து, கைப்பிடியைக் கழற்றி, தண்டை விரலால் சுண்டிப் பாருங்கள். உரசினால் சட்டென்று நின்றுவிடும்.

பவித்ரா:
'உரசுபுள்ளி', 'பூட்டுநிலை' இரண்டையும் தனித்தனியாகப் போடுகிறேன். கோடுகளை உரசுபுள்ளியிலிருந்து எண்ணச் சொல்கிறேன். தட்டைக்கு 'இணைமை'. கூம்புக்கு 'மையப் பொருத்தம்' நீளமாக இருக்கிறது, வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.