ஆர்டர் வந்த பிறகும் கடையில் இருப்பு ஏறுவது ஏன்?

பின்னலாடை: எங்கள் கிடங்குக் கணக்கு இஆர்பிநெக்ஸ்ட்டில் இருக்கிறது, இணையக் கடை ஷாப்பிஃபையில் நடக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிரல் `actual_qty`-ஐ எடுத்துக் கடையின் `available`-இல் எழுதுகிறது. சென்ற வாரம் 12 டி-ஷர்ட் மட்டுமே இருந்த ஓர் அளவில் மாலைக்குள் 15 விற்றுவிட்டது. வெப்ஹுக் வைத்து உடனுக்குடன் அனுப்பினால் இது நிற்குமா?

கிடங்குக்காரர்: நிற்காது. தவறான எண் இன்னும் விரைவாகக் கடைக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். இஆர்பிநெக்ஸ்ட்டில் விற்பனை ஆர்டரைப் பதிந்தால் `reserved_qty` கூடுமே தவிர, `actual_qty` குறையாது. சரக்கு வெளியேறி டெலிவரி நோட் போட்ட பிறகுதான் அது குறையும். காலையில் ஒருவர் 2 சட்டை வாங்கியவுடன் கடை தன் `available`-ஐ 12-இலிருந்து 10 ஆக்குகிறது. அடுத்த சுற்றில் உங்கள் நிரல் அதே 12-ஐத் திரும்ப எழுதிவிடுகிறது. மாலையில் பொதி கட்டும் வரை ஒவ்வொரு சுற்றிலும் இதுவே நடக்கும். 300 சட்டை உள்ள அளவில் இது யார் கண்ணிலும் படாது, கடைசிப் பத்து இருபது சட்டைகளில்தான் வெளிப்படும். கடையின் நிர்வாகப் பக்கத்தில் அந்தச் சட்டையின் இருப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். கொள்முதலோ திரும்பி வந்த சரக்கோ இல்லாமல் இருப்பு ஏறியிருந்தால், காரணம் இதுதான்.

நிரல்நேசன்: காரணம் சரிதான், ஆனால் தீர்வு இதைவிட எளியது. `actual_qty`-இலிருந்து `reserved_qty`-ஐக் கழித்து எழுதுங்கள், 15 நிமிடத்தை ஒரு நிமிடமாக்குங்கள். கூடவே, ஷாப்பிஃபையின் `inventorySetQuantities` அழைப்பில் ஒப்பீட்டு எண்ணையும் அனுப்புங்கள். நீங்கள் படித்த பிறகு கடையில் எண் மாறியிருந்தால் அது உங்கள் எழுத்தை ஏற்க மறுத்துவிடும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன், பல மாதங்களாகச் சிக்கல் இல்லாமல் ஓடுகிறது.

சேலம் சில்லறை: எங்கள் கடை வூகாமர்ஸில் ஓடுகிறது, அறுபது பொருள்தான். ஒவ்வொன்றிலும் 2 எண்ணிக்கையைக் குறைத்தே காட்டுகிறோம், கூடுதலாக விற்ற புகார் எழுந்ததில்லை. இதற்கு எந்தச் செயலியை வாங்கலாம் என்று கேட்டால், முதலில் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பின்னலாடை: செயலி வாங்குவது பற்றி நான் கேட்கவில்லை, ஐயா. எங்களிடம் நிறமும் அளவும் சேர்த்து 4,000 வகைகள் உள்ளன, பலவற்றில் மொத்தமே ஐந்தாறு சட்டைதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டை மறைத்தால் விற்கக்கூடிய சரக்கில் பெரும்பகுதி கடையிலேயே தெரியாமல் போய்விடும்.

கிடங்குக்காரர்: நிரல்நேசன் சொன்ன கழித்தல் அவசியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒப்பீட்டு எண் நீங்கள் நினைக்கும் ஓட்டையை அடைக்காது. 10:01-க்கு ஆர்டர் விழுகிறது, கடையில் 10 ஆகிறது. அந்த ஆர்டர் இன்னும் இஆர்பிக்கு வந்து சேரவில்லை. 10:02-க்கு உங்கள் நிரல் கடையில் 10 என்று படிக்கிறது, இஆர்பியில் 12 என்று கணக்கிடுகிறது, "கடையில் 10 இருந்தால் 12 ஆக்கு" என்று அனுப்புகிறது. கடையில் இருப்பதும் 10-தான் என்பதால் ஒப்பீடு தேறிவிடும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே நடந்த மாற்றத்தை மட்டுமே அந்த எண் பிடிக்கும். படிப்பதற்கு முன்பே கடையில் விழுந்து, இஆர்பிக்கு இன்னும் தெரியாமல் இருக்கும் ஆர்டரை அதனால் பிடிக்க முடியாது.

ஷாப்பிஃபை ஆர்டர் வந்ததும் `available`-இல் குறைத்ததை `committed`-இல் கூட்டுகிறது, `on_hand` அப்படியே இருக்கிறது. சரக்கு அனுப்பியதாகக் குறித்த பிறகே `on_hand` குறைகிறது. ஆகவே நீங்கள் `available`-ஐத் தொடாமல் `on_hand`-ஐ எழுதுங்கள், வாங்கியவருக்கு ஒதுக்கியதைக் கழிக்கும் வேலையைக் கடையே பார்த்துக்கொள்ளும். மொத்த வியாபாரத்துக்கு ஒதுக்கியதை மட்டும் நீங்கள் கழித்தால் போதும்:

```
on_hand = actual_qty - (reserved_qty - web_reserved)
```

`web_reserved` என்பது இணையக் கடையிலிருந்து இஆர்பிக்கு வந்து, இன்னும் அனுப்பப்படாத ஆர்டர்களின் கூட்டுத்தொகை. அதை நீங்களே விற்பனை ஆர்டர்களிலிருந்து கணக்கிட வேண்டும். கிடங்கில் 12 சட்டை, மொத்த வியாபாரிக்கு 3, இணையத்தில் 2 என்று வைத்துக்கொள்வோம். இணைய ஆர்டர் இஆர்பிக்கு வந்திருந்தால் 12 - (5 - 2) = 9. வராமல் இருந்தால் 12 - (3 - 0) = 9. இரண்டு நிலையிலும் கடை தன் `committed` 2-ஐக் கழித்து 7 என்றே காட்டும். ஆர்டர் தாமதமாக வந்தாலும் எண் மாறாது என்பதால்தான் இந்த வழியை வலியுறுத்துகிறேன்.

நிரல்நேசன்: இது எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலமாரியில் 12 சட்டை இருக்கும்போது கடையின் `on_hand` 9 என்று காட்டும். சரக்கெண்ண வரும் பணியாளர் அதைப் பார்த்துக் கைப்பட 12 ஆக்கிவிடுவார். அதற்குப் பதில், இஆர்பியில் நடக்கும் கொள்முதலையும் மொத்த விற்பனையையும் கூட்டல் கழித்தலாக மட்டும் `inventoryAdjustQuantities` வழியே அனுப்பினால், எழுதியதை அழிக்கும் சிக்கலே எழாதே.

கிடங்குக்காரர்: மாற்றத்தை மட்டும் அனுப்பும் முறையில் ஒரு செய்தி தொலைந்தாலோ இரு முறை சேர்ந்தாலோ அந்தப் பிழை தானாகச் சரியாகாது, நாளுக்கு நாள் கணக்கு விலகும். நான் பட்ட அனுபவம் இது. ஷாப்பிஃபையின் வெப்ஹுக்குக்கு 5 விநாடிக்குள் பதில் தர வேண்டும். எங்கள் நிரல் விற்பனை ஆர்டரை முழுவதும் பதிந்த பிறகே பதில் தந்தது, கூட்டம் மிகுந்த நாளில் அதற்கு 5 விநாடிக்கு மேல் ஆனது. கடை அதே செய்தியை மீண்டும் அனுப்பியது, ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகி இருப்பு இரு முறை ஒதுக்கப்பட்டது. இப்போது செய்தியை வாங்கி ஓர் அட்டவணையில் வைத்துவிட்டு உடனே பதில் தருகிறோம். பிறகு `X-Shopify-Webhook-Id`-ஐப் பார்த்து, முன்பே வந்ததாக இருந்தால் விட்டுவிடுகிறோம். முழு எண்ணை எழுதும் முறையில் அடுத்த சுற்றே தவறைத் திருத்திவிடும். பணியாளரைப் பற்றிய உங்கள் மறுப்பு மட்டும் நியாயமானது. மொத்த வியாபாரிக்கான 3-ஐக் கழிக்காமல், கடையிலேயே `reserved` என்ற நிலைக்கு நகர்த்தினால் `on_hand` 12 என்றே நிற்கும். ஆனால் ஒவ்வோர் ஒதுக்கீட்டுக்கும் இன்னோர் அழைப்பு தேவைப்படும், அந்தச் செலவு தகுமா என்பதை அவரவர் ஆர்டர் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பின்னலாடை: இருப்பு வரலாற்றைப் பார்த்தேன். காலை 10:41-க்கு ஆர்டர், 12-இலிருந்து 10. 10:45-க்கு எங்கள் நிரலின் பெயரில் 10-இலிருந்து 12. அன்று மாலை வரை இதே போல ஐந்து முறை ஏறியிருக்கிறது. சோதனைக் கடையில் `on_hand` முறைக்கு மாற்றியிருக்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. எங்கள் பொதி கட்டுமிடத்தில் கூரியர் ஒட்டுச்சீட்டு கடையிலிருந்துதான் வருகிறது. அதனால் மதியமே கடையில் அனுப்பியதாகக் குறித்துவிடுகிறார்கள். டெலிவரி நோட்டை மாலை ஆறு மணிக்கு மொத்தமாகப் போடுகிறார்கள்.

கிடங்குக்காரர்: அப்படியானால் அந்த இடைவெளியில் மறுபடியும் கூடுதலாக விற்கும். மதியம் கடையில் `committed` 2 தீர்ந்து `on_hand` 10 ஆகிவிடும். இஆர்பி இன்னும் 12-ஐ வைத்திருப்பதால் அதையே திரும்ப எழுதும். டெலிவரி நோட் முதலில், கடையில் குறிப்பது பிறகு என்று வரிசையை மாற்றுங்கள். அந்த வரிசையில் சிறிது நேரம் இருப்பு குறைவாகத் தெரியலாம், ஆனால் இல்லாத சட்டையை யாருக்கும் விற்க மாட்டீர்கள்.

பின்னலாடை: ஒட்டுச்சீட்டு இல்லாமல் பொதி கட்ட முடியாது என்று கிடங்கு மேற்பார்வையாளர் உறுதியாகச் சொல்கிறார்.

நிரல்நேசன்: கடையில் அனுப்பியதாகக் குறித்த செய்தி வந்தவுடன் நிரலே டெலிவரி நோட்டைப் போட்டுவிட்டால் என்ன?

கிடங்குக்காரர்: இடைவெளி சில விநாடிகளாகச் சுருங்கும், முற்றிலும் போகாது. தவிர, ஒட்டுச்சீட்டு எடுத்த பிறகு சட்டையில் கறை கண்டு பொதியை நிறுத்தினால் டெலிவரி நோட்டை யார் ரத்து செய்வது என்பதை மேற்பார்வையாளரிடம் முதலில் பேசிக்கொள்ளுங்கள்.