மணப்பெண் ஒப்பனைக்கு விலைப்பட்டியல்: பேக்கேஜையும் கூடுதல் சேவைகளையும் எங்கே பிரிப்பது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் மணப்பெண் ஒப்பனை செய்து வருகிறேன். புதிதாக விசாரிப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக ஒரு பக்க விலைப்பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் மூன்று பேக்கேஜ்கள் உள்ளன. சில்வர் என்பது முகூர்த்த ஒப்பனை மட்டும், 8,000 ரூபாய். கோல்டு என்பது முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்ந்தது, அதில் சவுரி வாடகையும் அடக்கம், 12,000 ரூபாய். பிளாட்டினத்தில் நலங்கு, ட்ரையல், மணமகளின் தாயாருக்கு ஒப்பனை ஆகியவையும் சேரும், 18,000 ரூபாய்.

விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் கோல்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "பெண்ணுக்கு முடி நீளம், சவுரி வேண்டாம், எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். திருமணத்தன்று அத்தையும் சித்தியும் புடவை கட்டிவிடச் சொல்லி வரிசையில் நிற்கிறார்கள். அதற்குப் பணம் கேட்டால், பட்டியலில் இல்லையே என்கிறார்கள். வேலை நிறைய வந்தும் கையில் நிற்பது குறைவாகவே இருக்கிறது. பட்டியலை எப்படி மாற்றி எழுதலாம்?

பண்ருட்டிப் படக்காரர்:

உங்கள் பட்டியலை ஏ4 அளவில் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கைபேசியில் அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. நான் என் ஸ்டூடியோவுக்கு 1080க்கு 1920 என்ற அளவில், திரையை நிறைக்கும்படி இரண்டு பக்கம் செய்து, படமாக அனுப்பாமல் பி.டி.எஃப். கோப்பாக அனுப்புகிறேன், அதனால் எழுத்து மங்குவதில்லை. ஆல்பத்தின் படத்தையும் முதல் பக்கத்தில் போட்ட பிறகு விசாரணைகள் கூடின.

கெடிலக்கரை:

நன்றி அண்ணா, அளவை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் என் சிக்கல் வடிவமைப்பில் இல்லை. எதை எதனுடன் சேர்த்து விலை சொல்வது என்பதில்தான் இருக்கிறது.

நெல்லித்தோப்பு (புதுச்சேரி):

பேக்கேஜ்களை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் "8,000 முதல்" என்று மட்டும் போடுங்கள். மற்றதைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்து வேலை செய்தால் அது மாநிலம் தாண்டிய சேவை ஆகிவிடும், அதற்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பட்டியலின் அடியில் "ஜி.எஸ்.டி. தனி" என்றும் சேர்த்துவிடுங்கள்.

வைகறை (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):

முதலில் ஜி.எஸ்.டி. பற்றி. மாநிலம் தாண்டிப் பொருள் விற்பவர்களுக்கான விதியை நெல்லித்தோப்பு நண்பர் இங்கே பொருத்திப் பார்க்கிறார். சேவை செய்பவர்களுக்கு, ஆண்டு மொத்த வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத வரை, எல்லை கடந்து வேலை செய்தாலும் பதிவு கட்டாயமில்லை. அந்த விலக்கு 2017 அக்டோபரிலேயே வந்துவிட்டது. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது என்பதால், "ஜி.எஸ்.டி. தனி" என்ற வரியைப் போடாதீர்கள் தங்கை. வாடகை நகைகளோடு விற்பனையும் செய்கிறீர்கள் என்றால் மட்டும் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். ஒரு முகூர்த்தத்துக்கு உங்கள் கையிலிருந்து போகும் செலவை எழுதுங்கள். ஒப்பனைப் பொருள் எவ்வளவு கரைகிறது, ஒட்டு இமையும் பஞ்சும் எவ்வளவு, உதவிப் பெண்ணுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு? இந்த நான்கைச் சொன்னால், பணம் எங்கே ஒழுகுகிறது என்று காட்டுகிறேன்.

கெடிலக்கரை:

பொருள் சுமார் 900, இமையும் ஒருமுறை பயன்படுத்தி எறிபவையும் 250, உதவிப் பெண்ணுக்கு 1,000, ஆட்டோ போக வர 350. மொத்தம் 2,500 ரூபாய். வரவேற்புக்கும் ஏறத்தாழ இதேதான், அக்கா.

வைகறை:

அப்படியானால் சில்வரில் உங்களுக்கு நிற்பது 5,500 ரூபாய். கோல்டைப் பாருங்கள். இரண்டு நிகழ்ச்சிக்கும் செலவு 5,000. இரவு மண்டபத்திலேயே தங்கிவிடுவதால் ஒரு ஆட்டோப் பயணம், அதாவது 350, மிச்சமாகிறது. உதவிப் பெண் இரண்டு வேளைக்கும் சேர்த்து 1,500க்கு ஒப்புக்கொள்வார் என்றால் அதில் 500 மிச்சம். ஆகச் செலவு 4,150, உங்களுக்கு நிற்பது 7,850. தனி முகூர்த்தத்தில் கிடைக்கும் 5,500ஐக் கழித்தால், வரவேற்பு முழுவதற்கும் நீங்கள் வாங்கும் கூலி 2,350 ரூபாய்தான். எல்லோரும் கோல்டையே கேட்பதற்கும், வேலை நிறைந்தும் கை நிறையாததற்கும் காரணம் இந்த ஒரு கணக்கு.

பேக்கேஜில் தரும் தள்ளுபடி, நிகழ்ச்சிகளைச் சேர்ப்பதால் உங்களுக்கு உண்மையில் மிச்சமாகும் தொகையைத் தாண்டக் கூடாது. இங்கே மிச்சம் 850. வரவேற்பைத் தனியாக 7,500 என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 15,500 ஆகும். 800 குறைத்து 14,700 என்று போடலாம். உங்கள் பகுதியில் அந்த விலை ஓடாது என்று தோன்றினால், தனி விலைகளைக் குறையுங்கள், தள்ளுபடியைக் கூட்டாதீர்கள்.

சவுரிப் பேச்சு வருவதற்கும் வேறு காரணம் இல்லை. பேக்கேஜுக்குள் பிரித்தெடுக்கக்கூடிய ஒரு பொருள் இருந்தால், அதை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஆகவே பேக்கேஜுக்குள், ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்காதவற்றை மட்டும் வையுங்கள்: முக ஒப்பனை, சிகை அலங்காரம், புடவை கட்டுதல், நகை பொருத்துதல். சவுரி, பூ, நகை வாடகை, நகப்பூச்சு எல்லாம் வெளியே போகட்டும். வெளியே இருப்பதைச் சேர்த்துக்கொள்ளத்தான் கேட்பார்கள், கழிக்கச் சொல்ல அங்கே இடமில்லை. சில்வர், கோல்டு என்ற பெயர்களையும் எடுத்துவிட்டு, "முகூர்த்தம்", "வரவேற்பும் முகூர்த்தமும்" என்றே எழுதுங்கள். கல்யாண வீட்டார் அந்தச் சொற்களில்தான் யோசிக்கிறார்கள்.

நெல்லித்தோப்பு:

வரி பற்றித் தெளிவுபடுத்தியதற்கு நன்றி. ஆனாலும் "முதல்" என்ற சொல்லை முற்றிலும் விலக்க முடியாது என்றே கருதுகிறேன். மெகந்திக்கு முழங்கை வரையா, மணிக்கட்டு வரையா என்று தெரியாமல் எப்படி ஒரே விலை சொல்வது?

வைகறை:

மெகந்திக்குச் சரி. அங்கும் மணிக்கட்டு வரை இவ்வளவு, முழங்கை வரை இவ்வளவு என்று இரண்டு வரி எழுதிவிட்டால் அந்தச் சொல் தேவைப்படாது. "8,000 முதல்" என்பதைப் படிப்பவர் 8,000 என்றுதான் மனத்தில் வைத்துக்கொள்வார்.

அத்தை, சித்தி விஷயத்தில் விலையை விட நேரமே முக்கியம். திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் காலை 6 மணி முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்த நாளில் அங்கே எத்தனை ஜோடிகள் காத்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்; பெண் 5.30க்குப் புறப்படத் தயாராக இருக்க வேண்டும். பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 3.30க்குத் தொடங்க வேண்டும். கூடுதலாக ஒருவருக்கு முக்கால் மணி நேரம் என்றால், இருவருக்கு 2 மணிக்கே தொடங்க வேண்டும். மூன்றாவது ஆள் வந்தால் 1.15. அதற்கு மேல் ஒருவர் கையால் ஆகாது. ஆகவே கூடுதல் சேவை ஒவ்வொன்றுக்கும் விலையோடு அலகும், உச்ச எண்ணிக்கையும், சொல்லவேண்டிய கடைசி நாளும் எழுதுங்கள். "உறவினர் ஒப்பனை" என்று மட்டும் எழுதினால் அது ஒருவருக்கா, குடும்பத்துக்கா என்று நாளை மண்டபத்தில் வாதம் நடக்கும்.

கெடிலக்கரை:

இப்படி எழுதிப் பார்த்தேன். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

*முகூர்த்த ஒப்பனை (மணமகள் ஒருவருக்கு): 8,000. முக ஒப்பனை, சிகை அலங்காரம், ஒரு புடவை கட்டுதல், நகை பொருத்துதல் அடங்கும்.*
*வரவேற்பு ஒப்பனை (மணமகள் ஒருவருக்கு): 7,500. மேற்கண்டவையே அடங்கும்.*
*இரண்டும் ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்து: 14,700.*

*கூடுதல் சேவைகள்: உறவினர் ஒப்பனை, ஒருவருக்கு 2,000, அதிகம் இருவர். புடவை கட்டுதல் மட்டும், ஒருவருக்கு 500. சவுரி வாடகை 500. காலை 4 மணிக்கு முன் தொடங்கினால் 1,000. கூடுதல் ஆட்களின் எண்ணிக்கையை ஐந்து நாள் முன்பே சொல்ல வேண்டும்.*

*பயணம்: கடலூர், திருவந்திபுரம் அடங்கும். நெல்லிக்குப்பம் 400. புதுச்சேரி, பண்ருட்டி 1,200. சிதம்பரம் 2,000.*

வைகறை:

பயணத்தைக் கிலோமீட்டரில் சொல்லாமல் ஊர்ப் பெயரில் சொன்னது நல்லது; கல்யாண வீட்டார் யாரும் தூரம் அளந்துகொண்டு வரமாட்டார்கள். இரண்டு திருத்தங்கள் மட்டும் சொல்கிறேன். அதிகாலைத் தொகை மணமகளின் ஒப்பனை தொடங்கும் நேரத்தைப் பொறுத்ததா, உறவினரின் நேரத்தைப் பொறுத்ததா என்று தெரியவில்லை. "நாங்கள் முதல் ஒப்பனையைத் தொடங்கும் நேரம்" என்று எழுதுங்கள். அடுத்து, விலை எதுவரை செல்லும் என்பதைப் பட்டியலின் மேலேயே, விசாரிக்கும் தேதியை வைத்து அல்லாமல் திருமணத் தேதியை வைத்துப் போடுங்கள். தை மாதக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே விசாரிப்பார்கள். அதோடு, நீங்கள் அனுப்பிய பட்டியல் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கும் போய், ஓராண்டு கழித்துப் பழைய விலையோடு திரும்பி வரும்.

அனுப்புவதற்கு முன், இந்தத் தொழில் தெரியாத ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து, "புதுச்சேரி மண்டபம், இரண்டு நிகழ்ச்சி, முதல் ஒப்பனை காலை 3 மணி, அம்மாவுக்கும் ஒப்பனை, எவ்வளவு ஆகும்?" என்று கூட்டச் சொல்லுங்கள். 14,700, 1,200, 1,000, 2,000 சேர்ந்து 18,900 என்று வர வேண்டும். வேறு தொகை சொன்னால், எந்த வரியில் தடுமாறினார் என்று கேட்டு அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.

பண்ருட்டிப் படக்காரர்:

எனக்கும் இது பயன்பட்டது; ட்ரோனை ஆல்பத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு நானும் இதே பேரத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். விசாரித்த உடனே பட்டியலை அனுப்புவதா, தேதியும் ஊரும் கேட்ட பிறகு அனுப்புவதா? நான் உடனே அனுப்பிவிடுகிறேன். தாமதித்தால் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.

வைகறை:

நான் தேதி, ஊர், நிகழ்ச்சிகள் ஆகிய மூன்றையும் ஒரே செய்தியில் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். அந்தத் தேதி ஏற்கெனவே நிறைந்திருந்தால் விலை பேசி என்ன பயன்? ஆனால் பதில் சொல்லாமல் போய்விடுபவர்களும் உண்டு. உங்கள் ஊரில் எது எடுபடும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

கெடிலக்கரை:

என் தம்பியிடம் கூட்டச் சொன்னேன். அவன் 17,700 என்றான். பயணத் தொகையைச் சேர்க்கவில்லை. "புதுச்சேரி, பண்ருட்டி 1,200" என்பதை இரண்டு ஊருக்கும் போகவேண்டி வந்தால்தான் அந்தத் தொகை என்று நினைத்துக்கொண்டானாம். ஒவ்வோர் ஊரையும் தனி வரியாக்கிவிட்டேன். ட்ரையல் மட்டும் மிச்சம் இருக்கிறது. 1,500 வாங்கி, பதிவு செய்தால் அதை மொத்தத்தில் கழிக்கலாமா, அல்லது தனியாகவே வைத்துக்கொள்ளலாமா?

நெல்லித்தோப்பு:

கழித்துவிடுங்கள், எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

வைகறை:

கழித்தால் அந்த 1,500ஐயும் பேக்கேஜின் தள்ளுபடியாகவே கணக்கில் எடுக்க வேண்டும், தங்கை. ட்ரையலில் கரையும் பொருளுக்கும் அரை நாளுக்கும் உங்கள் கணக்கில் என்ன வருகிறது என்று முதலில் எழுதுங்கள், பிறகு பார்ப்போம்.